சித்தியின் 15 ஜி.பி.: ஒரிஜினலா, ஸ்டோரேஜ் சேவரா?

2025 ஜனவரியில், பொங்கலுக்கு மறுவாரம், கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். "ஏம்பா, பேங்க்லேர்ந்து மெயில் அனுப்பிட்டோம்கிறாங்க. எனக்கு வரவே இல்லையே?"

கணக்கைத் திறந்து பார்த்தால் 15 ஜி.பி.யும் நிறைந்திருந்தது. கூகுள் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜி.பி. வாட்ஸ்அப் பேக்கப்பும் ஆண்ட்ராய்டில் இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது. இடம் தீர்ந்துவிட்டால் புதுப் படம் ஏறாது என்பது மட்டுமில்லை, மெயிலும் வராது, போகாது. சித்திக்கு முதலில் தெரிந்தது மெயில் நின்றதுதான். நிரப்பியதோ படங்கள்.

அவருக்கு அந்தப் போனை 2022 பிப்ரவரியில் வாங்கிக் கொடுத்தவன் நான். படங்களின் பேக்கப்பை 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று வைத்ததும் நான்தான். நல்ல கேமரா, தரம் குறையக்கூடாது என்ற எண்ணம். அந்த ஒரு தேர்வு மூன்று வருடத்தில் எவ்வளவு இடம் தின்றது, படத்தைச் சுருக்கி ஏற்றும் 'ஸ்டோரேஜ் சேவர்' தேர்வை வைத்திருந்தால் எவ்வளவு தின்றிருக்கும், அதற்கு என்ன விலை கொடுத்திருப்போம் என்பதை அவர் கணக்கை வைத்தே பார்த்தேன்.

எது எவ்வளவு

முதலில் one.google.com/storage பக்கம். அங்கே இருந்த பிரிவு இது: ஜிமெயில் 0.9 ஜி.பி., டிரைவ் 0.3, வாட்ஸ்அப் பேக்கப் 2.6, போட்டோஸ் 11.2.

போட்டோஸில் சித்தியின் படங்கள் 2017-லிருந்தே இருக்கின்றன. ஆனால் 11.2 ஜி.பி. என்பது அத்தனைக்குமான கணக்கு இல்லை. 2021 ஜூன் 1-க்கு முன்பு 'ஹை குவாலிட்டி' என்ற பெயரில் சுருக்கி ஏற்றிய படங்களும் வீடியோக்களும் இடக்கணக்கில் சேர்வதில்லை. அந்த 'ஹை குவாலிட்டி'தான் பிறகு 'ஸ்டோரேஜ் சேவர்' என்று பெயர் மாறியது. சுருக்கும் முறை அதே வகைதான், இலவசம் மட்டும் போய்விட்டது. ஆகவே சித்தியின் பழைய நாலாயிரம் படங்களுக்கு இடச்செலவு பூஜ்யம். கணினியில் போட்டோஸைத் திறந்து ஒரு படத்தின் விவரப் பகுதியைப் பார்த்தால், அது ஒரிஜினலா சுருக்கியதா, இடம் எடுத்துக்கொள்கிறதா இல்லையா என்று அங்கேயே எழுதியிருக்கும். பழையவற்றில் ஏழெட்டைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பழைய இலவசப் படங்களைத் 'துப்புரவு செய்கிறேன்' என்று இறக்கிவிட்டு, அழித்துவிட்டு, மறுபடி ஏற்றினால் அவை புதுப் படங்களாகிவிடும். இன்றைய தேதியில் இடம் எடுக்கும். அவற்றைத் தொடவே கூடாது.

மிச்சம் இருந்தவை 2022 பிப்ரவரிக்குப் பிறகு வந்தவை. கேமராவில் எடுத்த படங்கள் 1,430. சராசரியாக ஒன்று 3.8 எம்.பி. அதாவது 5.4 ஜி.பி. வீடியோக்கள் மொத்தம் 36 நிமிடம். அதில் 31 நிமிடம் 1080பி, நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி., ஆக 4 ஜி.பி. 5 நிமிடம் 4கே, நிமிடத்துக்குச் சுமார் 350 எம்.பி., ஆக 1.75 ஜி.பி.

மூன்று வருடப் படங்கள் அத்தனையையும்விட, முழுசாக ஒரு மணி நேரம்கூட ஓடாத வீடியோ அதிக இடம் பிடித்திருந்தது. ஒரு நிமிட 4கே வீடியோ 92 படங்களுக்குச் சமம். 'போட்டோ நிறைய எடுத்துட்டேன் போல' என்று சித்தி வருத்தப்பட்டார். அவர் எடுத்த படங்கள் மாதத்துக்கு நாற்பதுதான்.

சுருக்கினால் என்ன ஆகும்: ஒரு சோதனை

ஸ்டோரேஜ் சேவர் என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு எல்லைகள் சொல்லப்படுகின்றன. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் 16-க்குக் குறைக்கப்படும். 1080பி-க்கு மேற்பட்ட வீடியோ 1080பி-க்குக் குறைக்கப்படும். இதைப் படிக்கிறவர்கள், "என் படம் 12 மெகாபிக்சல்தானே, அப்போ ஒண்ணும் ஆகாது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. பிக்சல் எண்ணிக்கை மாறாது. ஆனால் படம் மறுபடியும் சுருக்கி எழுதப்படும். கோப்பின் அளவு குறைவது அதனால்தான்.

சித்தியின் போனில் 50 மெகாபிக்சல் கேமரா என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் சாதாரணமாக எடுத்தால் நான்கு நான்கு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் அது எழுதுகிறது. தனியாக 50 மெகாபிக்சல் முறையைத் தேர்ந்தால்தான் முழு அளவு வரும். சித்தி ஒருநாளும் அதைத் தேர்ந்ததில்லை. அதனால் 16 மெகாபிக்சல் எல்லை அவர் படங்களைத் தொடவே தொடாது.

ஊகத்தில் முடிவெடுக்க விருப்பமில்லை. அவர் கணக்கிலிருந்து 20 படங்களையும் இரண்டு வீடியோக்களையும் அப்படியே இறக்கினேன். என்னுடைய இன்னொரு கணக்கில் ஸ்டோரேஜ் சேவர் என்று வைத்து ஏற்றினேன். ஏற்றியதும் வீடியோவைச் செய்து முடிக்க அதற்கு நேரம் பிடிக்கும், அதனால் மறுநாள் வரை காத்திருந்து இறக்கிப் பார்த்தேன்.

20 படங்கள் 76 எம்.பி.யிலிருந்து 39 எம்.பி. ஆகியிருந்தன. கிட்டத்தட்ட பாதி. ஒரு நிமிட 1080பி வீடியோ 130 எம்.பி.யிலிருந்து 34 ஆனது. ஒரு நிமிட 4கே வீடியோ 350-லிருந்து 37. இந்த எண்கள் எல்லார் வீடியோவுக்கும் பொருந்தாது. அசைவு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால் போக்கு தெளிவு: படத்தில் பாதி மிச்சம், 1080பி வீடியோவில் நாலில் மூன்று மிச்சம், 4கே-யில் பத்தில் ஒன்பது பங்கு மிச்சம்.

படங்களைப் பெரிய திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். முழுப்படமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது பட்டுப்புடவையின் ஜரிகைக் கட்டத்திலும் கோலத்தின் பொடிப் பரப்பிலும் நுண்மை கொஞ்சம் மழுங்கியிருந்தது. முகங்களில் ஒன்றும் தெரியவில்லை. 16 மெகாபிக்சல் படத்தை 24 அங்குலத்துக்கு 16 அங்குலம் வரை அச்சிடலாம், அங்குலத்துக்கு 200 புள்ளிக்கு மேல் வரும். ஹாலில் மாட்டுகிற படத்துக்கு அது போதும்.

வீடியோ வேறு கதை. அதைக் கோப்பிலேயே பார்த்துவிடலாம். கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருந்தால் இந்தக் கட்டளை போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,bit_rate -of default=nw=1 video.mp4
```

ஒரிஜினல் 4கே கோப்புக்கு அகலம் 3840, வினாடிக்கு 46 மெகாபிட்டுக்கு மேல் என்று வந்தது. சுருக்கியதற்கு அகலம் 1920, வினாடிக்கு 5 மெகாபிட்டுக்கும் குறைவு. நான்கில் ஒரு பங்கு பிக்சல், பத்தில் ஒரு பங்கு தகவல். எல்லாரும் பேசுவது பிக்சலைப் பற்றி. வீடியோவில் அதிகம் பறிபோவது இந்த இரண்டாவது எண்.

அட்சதை விழுந்த நொடி

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று சோதனைக் கோப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சித்தியின் கணக்கிலேயே இருந்தது.

2019-ல் அவர் மகளுக்குக் கல்யாணம். சித்தியின் அப்போதைய போனில், மேடைக்குப் பக்கத்தில் நின்று என் தம்பி எடுத்த இரண்டரை நிமிட வீடியோ. 1080பி-யில் எடுத்தது, 'ஹை குவாலிட்டி'யில் ஏறியது. இடக்கணக்கில் ஒரு எம்.பி.கூட இல்லை. மாங்கல்யத்தைக் கையில் வாங்கும் வரை படம் நன்றாகவே இருக்கிறது. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் முழங்க நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. அந்த நாலைந்து வினாடி திரை கட்டம் கட்டமாக உடைகிறது. அரிசியும் தெரியவில்லை, பெண்ணின் முகமும் தெரியவில்லை. அட்சதை நின்றதும் படம் மெல்லத் தெளிகிறது.

காரணம் இதுதான். வீடியோ ஒவ்வொரு சட்டத்தையும், அதாவது ஃபிரேமையும், முழுசாக எழுதுவதில்லை. முந்தைய சட்டத்திலிருந்து எது மாறியது, எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதும். உட்கார்ந்து பேசுகிற ஒருவரை எடுத்தால் சுவர் மாறாது, நாற்காலி மாறாது. குறைந்த தகவலே போதும். ஆயிரக்கணக்கான சின்னத் துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறந்தால் முந்தைய சட்டம் எதற்கும் உதவாது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அதற்கு நிறையத் தகவல் தேவை. சுருக்கும்போது கொடுத்திருக்கும் அளவு போதாமல் போனால் படம் பெரிய பெரிய கட்டங்களாகத் தேய்கிறது. அட்சதை, மழை, வாணவேடிக்கை, காற்றில் அசையும் நெல் வயல், கோயில் திருவிழாக் கூட்டம் எல்லாம் இந்த வகை. இருட்டில் எடுத்ததும் அப்படித்தான். கேமராவே உண்டாக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் ஒவ்வொரு சட்டத்திலும் மாறிக்கொண்டே இருக்கும், அதுவும் தகவலைத் தின்னும்.

வருத்தம் என்னவென்றால், போனிலிருந்த ஒரிஜினல் தெளிவாக இருந்தது. அன்று மண்டபத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அப்புறம் போனில் இடம் போதாமல், `Free up space` என்ற பொத்தானை அழுத்தினோம். அந்தப் பொத்தான் பேக்கப் ஆகிவிட்டவற்றைப் போனிலிருந்து அழிக்கும். அதுதான் அதன் வேலை, சரியாகச் செய்தது. ஆனால் பேக்கப் ஆனது சுருக்கிய பிரதி. அழிந்தது ஒரிஜினல். அன்று யாரும் அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஸ்டோரேஜ் சேவரால் தரம் போகிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, தரம் நிரந்தரமாகப் போகிற கணம் எது என்று பார்ப்பது முக்கியம். சுருக்கி ஏற்றும்போது எதுவும் போவதில்லை. ஒரிஜினல் இன்னும் போனில் இருக்கிறது. போனிலிருந்து அழிக்கும் அந்த நொடியில்தான் போகிறது. பிறகு அமைப்பை ஒரிஜினல் என்று மாற்றினாலும் பழையது திரும்பாது. அந்த மாற்றம் இனி ஏற்றுபவற்றுக்கு மட்டும்தான்.

ஒரே பொத்தான், எல்லாவற்றுக்கும்

ஏற்கெனவே ஒரிஜினலாக ஏறிவிட்டதைச் சுருக்க photos.google.com/settings பக்கத்தில் `Recover storage` என்று ஒன்று இருக்கிறது. இதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கணக்கிலுள்ள எல்லா ஒரிஜினல்களையும் சேர்த்துத்தான் சுருக்கும், இதை விடு அதை எடு என்று சொல்ல முடியாது. அழுத்தியதைத் திரும்பப் பெற முடியாது. இனி ஏற்றும் தரத்தை இது மாற்றாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாளை முதல் மறுபடி ஒரிஜினலாக நிறையத் தொடங்கும்.

சோதனை எண்களை வைத்துக் கணக்கிட்டால் சித்தியின் படங்கள் 5.4-லிருந்து 2.8 ஜி.பி. ஆகும், 36 நிமிட வீடியோ 5.8-லிருந்து 1.2 ஜி.பி. ஆகும். ஏழு ஜி.பி. திரும்பக் கிடைக்கும். அழுத்திவிடலாம் என்றுதான் தோன்றும்.

அந்த 4கே ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம், மூன்று துண்டுகளாக, 2023 மாட்டுப் பொங்கலன்று எடுத்தது. சித்தப்பா பேரனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த வருடம் நவம்பரில் சித்தப்பா தவறிவிட்டார். அவர் பேசுவது பதிவாகியிருப்பது அந்த மூன்றில் மட்டும்தான். போனிலிருந்து அவை எப்போதோ `Free up space`-இல் போய்விட்டன. நல்லவேளை, பேக்கப் ஒரிஜினலில் இருந்தது. மூன்று வருடமாக இடத்தைத் தின்றது என்று நான் கணக்குப் போட்ட அதே தேர்வுதான் அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

சித்தியிடம் போட்டுக் காட்டினேன். "இது இப்படியே இருக்கணும்பா. மத்ததெல்லாம் நீ என்ன வேணா பண்ணிக்கோ," என்றார். அத்தோடு தேர்வு எங்களுக்குத் தெளிவாகிவிட்டது.

செய்த வரிசை

முதல் வேலை, மேகத்தில் இருந்த ஒரிஜினல்களை வீட்டுக்குக் கொண்டுவருவது. takeout.google.com-இல் மற்ற எல்லாவற்றின் தேர்வையும் நீக்கிவிட்டு, போட்டோஸை மட்டும் தேர்ந்து, அதற்குள்ளும் 2022 முதல் 2025 வரையான வருடத் தொகுப்புகளை மட்டும் எடுத்தேன். 2 ஜி.பி. அளவு ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வந்தன. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்று சித்தி வீட்டு பீரோவில், ஒன்று என்னிடம். ஒவ்வொரு படத்துடனும் ஒரு ஜேசான் கோப்பும் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி உள்ளே இருக்காது. போட்டோஸ் அறிந்திருந்த தேதி அந்த ஜேசானில்தான் இருக்கும்.

இறக்கியது ஒரிஜினல்தானா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கவில்லை. 4கே கோப்புகள் மூன்றிலும் மேலே சொன்ன கட்டளையை ஓட்டினேன். 3840 என்று வந்தது. ஓட்டியும் பார்த்தேன், சத்தமும் சரியாக இருந்தது.

அப்புறம் photos.google.com/quotamanagement பக்கம். பெரிய கோப்புகளை வரிசைப்படுத்திக் காட்டும். முதலில் நின்றது ஒன்பது நிமிட வீடியோ. ஏதோ விசேஷத்தில் எடுக்க ஆரம்பித்து, நிறுத்த மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். தரையும் புடவைக் கொசுவமும்தான் ஒன்பது நிமிடமும். 1.17 ஜி.பி. அதை அழித்து, போட்டோஸின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தோம். தொட்டியில் அழித்தவை 60 நாள் வரை இருக்கும்.

அந்த இடம் எதற்குத் தேவைப்பட்டது என்றால், சித்தப்பாவின் மூன்று கோப்புகளையும் டிரைவில் ஏற்ற. 0.7 ஜி.பி. நிறைந்திருந்த கணக்கில் அதை முதலிலேயே ஏற்ற முடிந்திருக்காது. டிரைவில் வைத்த கோப்பு வெறும் கோப்பு. அதை யாரும் சுருக்குவதில்லை, `Recover storage` அதைத் தொடாது. டிரைவும் போட்டோஸும் 2019 ஜூலையிலேயே ஒன்றோடொன்று ஒத்திசைவதை விட்டுவிட்டன. இடம் என்னவோ அதே 15 ஜி.பி.யிலிருந்துதான் போகும். ஆனால் 'இவை மட்டும் ஒரிஜினல், மற்றவை சுருக்கம்' என்ற தேர்வு போட்டோஸுக்குள் கிடையாது. இந்தச் சுற்றுவழி அதைக் கொடுக்கிறது.

அதற்குப் பிறகுதான் `Recover storage`. அழுத்திய உடனே எண் குறையவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது போட்டோஸ் 3.8 ஜி.பி.யில் நின்றது. மாட்டுப் பொங்கல் வீடியோ அங்கேயும் இருக்கிறது, சுருங்கியபடி, போனில் பார்க்க. அசல் டிரைவில்.

வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்ப்பதை நிறுத்தியதும் அது 2.6-லிருந்து 0.8 ஆனது. காலை வணக்க வீடியோக்கள் அத்தனையும் அதில் இருந்தன. மொத்தம் 15-லிருந்து 6.5 ஜி.பி. அன்று மாலையே வங்கியிலிருந்து மறுபடி அனுப்பச் சொன்னோம், மெயில் வந்தது.

இனி எந்தத் தரத்தில்?

சித்தியின் வேகம் தெரிந்துவிட்டது. 36 மாதத்தில் 11.2 ஜி.பி., மாதத்துக்கு 0.31. ஒரிஜினலிலேயே தொடர்ந்தால் மீதமுள்ள எட்டரை ஜி.பி. 27 மாதத்தில் தீரும். ஸ்டோரேஜ் சேவரில் மாதம் நாற்பது படமும் ஒரு நிமிட வீடியோவும் 115 எம்.பி.க்குள் அடங்கும், ஆறு வருடம் தாங்கும்.

காசு கொடுத்து 100 ஜி.பி. வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. மாதம் 130 ரூபாய் என்றிருந்தது. சித்தி வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. ஒரிஜினலில் 60 ஜி.பி. சேர்ந்தபின் ஒருநாள் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் கணக்கு அளவை மீறி நிற்கும். மெயில் மறுபடி நிற்கும். இரண்டு வருடம் அப்படியே மீறி நின்றால் உள்ளே இருப்பவற்றை அழித்துவிடலாம் என்பது அவர்கள் விதி. மாதக் கட்டணத்தைக் கவனித்துக் கட்ட வீட்டில் ஒருவர் எப்போதும் இருந்தால் அது நல்ல வழிதான். என் வீட்டில் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும் சித்திக்கு அது சுமை.

அதனால் அவர் போனில் ஸ்டோரேஜ் சேவர். கேமராவில் வீடியோ 1080பி. `Free up space` பக்கம் போகவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு நான் போகும்போது, போனிலிருந்து கேபிள் வழியாக ஒரிஜினல்களை இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டு நானே அதை அழுத்துவேன். போனில் 128 ஜி.பி. இருக்கிறது, ஒரு வருடப் படம் நாலு ஜி.பி.கூட வராது. அவசரமே இல்லை.

மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பும் பேரன் படங்கள் பகிர்ந்த ஆல்பத்தில் வருகின்றன. அவை மகளின் கணக்கில்தான் சேரும். சித்தி தன் தொகுப்பில் சேமித்தால் மட்டும் இவர் கணக்குக்கு வரும். இதையும் காட்டிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை ஐபோன் வைத்திருக்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் ஆப்டிமைஸ் போட்டிருக்கேன், எனக்கு ஐகிளவுட்ல சுருங்கித்தானே இருக்கும்?" என்றார். இல்லை. `Optimize iPhone Storage` சிறிதாக்குவது போனில் இருக்கும் பிரதியை. ஐகிளவுடில் ஏறுவது எப்போதும் முழு ஒரிஜினல்தான், அங்கே சுருக்கி வைக்கும் தேர்வே இல்லை. அவருடைய இலவச 5 ஜி.பி. ஏன் முதல் மாதமே தீர்ந்தது என்பதற்கு அதுதான் காரணம். ஐகிளவுடில் இடத்தைக் குறைக்க வேண்டுமானால் கேமராவிலேயே குறைக்க வேண்டும். ஐபோன் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது: ஹை எஃபிஷியன்சி முறையில் 4கே வினாடிக்கு 30 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்.பி., 1080பி என்றால் 60. அவர் 4கே 60 சட்டத்தில் வைத்திருந்தார், நிமிடத்துக்கு 400.

ஒரே ஒரு வேலையில் மட்டும் சித்தியின் கணக்கிலும் ஸ்டோரேஜ் சேவரை ஒதுக்கி வைத்தோம். சித்தி, சித்தப்பா கல்யாண ஆல்பம், கருப்பு வெள்ளை. எட்டுக்குப் பத்து அங்குலப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 4800-க்கு 6000, கிட்டத்தட்ட 29 மெகாபிக்சல். சேவரில் ஏற்றினால் அது 16 ஆகிவிடும். ஆல்பத் தாள் வருடா வருடம் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, இந்த ஸ்கேன்தான் இனி அசல். மார்ச்சில் 22 படங்களை ஸ்கேன் செய்து, போட்டோஸில் ஏற்றாமல் நேராக டிரைவில், மாட்டுப் பொங்கல் கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டேன். 22-ம் சேர்ந்து 0.3 ஜி.பி. ஃபோல்டருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு, "அவங்க பேரையே வை," என்றார் சித்தி.